அழித்த படம் கேலரியில் ஏன் நிற்கிறது? வாசகர் கேள்வி-பதில்

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று எடுத்த படங்களை, மெமரி கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டு, அங்கேயே அழித்துவிட்டேன். கார்டைத் திரும்பப் போட்டால் கேலரியில் அவை சாம்பல் கட்டங்களாகத் தெரிகின்றன. – மேலூர் வாசகர்

ஆண்ட்ராய்டு கேலரி பெரும்பாலும் கோப்புறையை நேரடியாகப் பார்ப்பதில்லை. மீடியா ஸ்டோர் என்னும் பதிவேட்டைப் படித்துத்தான் படங்களை வரிசைப்படுத்துகிறது. கைபேசியிலேயே அழித்திருந்தால் பதிவும் உடன் நீங்கியிருக்கும். கணினியில் அழித்ததால் கோப்பு போய்விட்டது, பதிவு தங்கிவிட்டது.

முதலில் ஒரு கட்டத்தைத் தொட்டு, விவரங்களில் அது எந்தக் கோப்புறையில் இருப்பதாகக் காட்டுகிறது என்று பார்த்து, ஃபைல்ஸ் செயலியில் அதே இடத்துக்குச் செல்லுங்கள். அங்கே கோப்பே இல்லையென்றால் அது வெறும் பழைய பதிவு; கைபேசியை அணைத்துப் போட்டால், மறு ஸ்கேனில் பெரும்பாலும் நீங்கிவிடும். கோப்பு இருந்து, அளவு 0 பைட் என்று காட்டினால் கோளாறு கேலரியில் இல்லை. கார்டைத்தான் சந்தேகிக்க வேண்டும், மீதிப் படங்களை உடனே பிரதி எடுத்துவிடுங்கள்.

மறுதொடக்கத்திலும் போகாவிட்டால், செட்டிங்ஸில் சிஸ்டம் செயலிகளையும் காட்டச் சொல்லி, மீடியா ஸ்டோரேஜின் தரவை அழிக்கலாம். படங்கள் அழியா, பதிவேடு மட்டும் புதிதாக எழுதப்படும். ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தால் அதற்கு நேரம் பிடிக்கும், அதுவரை கேலரி காலியாகத் தெரிந்தாலும் பதற வேண்டாம். விருப்பப் படங்களாகக் குறித்தவையும் ரிங்டோன் தேர்வும் போகக்கூடும் என்பதால், இதைக் கடைசி வழியாகவே சொல்கிறேன்.

படம் இருக்கிறது, திறந்தால் தெளிவாகத் தெரிகிறது. சிறுபடம் மட்டும் வெறுமையாக உள்ளது. – திருமங்கலம்

உங்கள் படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சேமித்து வைத்த சிறுபடம்தான் கெட்டுள்ளது. கேலரி செயலியின் கேஷை மட்டும் அழியுங்கள். தரவை அழிக்க வேண்டாம்.

நூற்றுக்கணக்கான படங்களை அழித்தும் இடம் கூடவில்லை. மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால் புரியாத பெயர்களில் ஏதோ வருகின்றன. – உசிலம்பட்டி

அவை குப்பைத் தொட்டியில் உள்ள உங்கள் படங்களே. ஆண்ட்ராய்டு 11 முதல், குப்பைக்கு அனுப்பிய படம் இருந்த கோப்புறையிலேயே பெயர் மாறி நிற்கும்:

```
.trashed-1735689600-IMG_0412.jpg
```

நடுவிலுள்ள எண், 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகளில் குறித்த காலாவதி நேரம். இந்த எண் 2025 ஜனவரி 1, நம் நேரப்படி காலை 5.30 மணி. வழக்கமான கெடு 30 நாள் என்பதால், இது 2024 டிசம்பர் 2 அன்று அழிக்கப்பட்டது என்று கணக்கிடலாம். கெடு கடந்த நொடியே கோப்பு போய்விடாது. கைபேசி சார்ஜில், பயன்பாடின்றி இருக்கும்போதுதான் துப்புரவு நடக்கும். சார்ஜரில் இரவு முழுவதும் வைக்காதவர்களுக்கு அது தள்ளிப்போவது இதனால்தான்.

இடம் இன்றே வேண்டுமென்றால் கேலரியின் குப்பைத் தொட்டியைத் திறந்து காலி செய்யுங்கள். கூகுள் போட்டோஸ் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் பேக்கப் ஆன படம் 60 நாள்வரை குப்பையில் இருக்கும், ஆகாதது 30 நாள்தான்.