கடைசி நாள் மெயிலில் குத்தல் எட்டிப் பார்க்காமல் இருக்க

"கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில், கணக்குப் பிரிவில் 6 வருடம் வேலை பார்த்தேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள். இரண்டு வருடமாக இன்க்ரிமென்ட் தரவில்லை, அந்தக் கோபத்தில்தான் கிளம்புகிறேன். ஆனால் கூட இருந்தவர்கள் தங்கமானவர்கள். டீம் மொத்தத்துக்கும் மெயில் போட வேண்டும், எழுத உட்கார்ந்தால் குத்தலாகவே வருகிறது. எப்படி எழுதுவது?"

முதலில் வரும் நேரடித் திட்டை நீங்களே அழித்துவிடுவீர்கள், அதைப் பற்றிக் கவலை இல்லை. மாட்டிவிடுவது நன்றிக்குள் ஒளிந்திருக்கும் சொல்தான். "எத்தனையோ கஷ்டங்களுக்கு நடுவிலும் துணையாக இருந்தீர்கள்" என்று எழுதினால், படிக்கிறவர் நன்றியை விட்டுவிட்டு என்ன கஷ்டம் என்று பக்கத்து சீட்டில் கேட்பார். "ஒருவழியாக", "இனியாவது", "உழைப்புக்கு மதிப்புள்ள இடம்" எல்லாம் இதே ரகம். அந்த மாதிரி வாக்கியத்தில் முன்பாதியை வெட்டிவிட்டு "துணையாக இருந்தீர்கள்" என்பதை மட்டும் வையுங்கள். ஏன் போகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்பதும் வேண்டாம்.

சரி, குத்தலை எடுத்தால் மெயில் சப்பென்று ஆகிவிடுமே? ஆகாது, எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரே ஒரு சம்பவத்தைப் போட்டால் போதும். உங்கள் பிரிவில் அது அனேகமாக வருடக் கணக்கு முடிக்கிற இரவாக இருக்கும். இப்படி:

"அனைவருக்கும் வணக்கம். இன்று எனக்குக் கடைசி நாள். மார்ச் 31 ராத்திரி, 18 ரூபாய் வித்தியாசத்தை ஆளுக்கொரு லெட்ஜராகத் தேடிக்கொண்டே ஆறிப்போன பரோட்டா சாப்பிட்டோமே, அதைத்தான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருப்பேன். இந்த 6 வருடம் கூட இருந்ததற்கு நன்றி. என் சொந்த நம்பரும் மெயில் ஐடியும் கீழே இருக்கின்றன, பேசிக்கொண்டிருப்போம்."

இவ்வளவுதான். பெயர் சொல்லி நன்றி சொல்வதை மெயிலில் செய்யாதீர்கள். 14 பேர் டீமில் நாலு பேரைச் சொன்னால் மிச்சம் பத்துப் பேர் தங்கள் பெயரைத் தேடுவார்கள். அந்த நாலு பேரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், அதுதான் அவர்களுக்கும் பிடிக்கும்.

வியாழக்கிழமையே எழுதி வைத்துவிட்டு, மறுநாள் காலை உங்கள் மேனேஜர் படிப்பதாக நினைத்து ஒருமுறை படியுங்கள். அனுப்புவது மதியம் 3 மணிவாக்கில். சாயங்காலம் வரை இழுத்தால் அதற்குள் ஐடியை முடக்கிவிடலாம், அப்புறம் வருகிற பதில்களும் உங்களுக்குக் கிடைக்காது. டீம் குரூப் ஐடிக்கு மட்டும் போடுங்கள், சப்ளையர்கள் யாரும் அதில் இல்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்க்ரிமென்ட் கதையை எச்ஆர் எக்ஸிட் பேட்டியில் சொல்லுங்கள், எந்த வருடம் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று. ரிலீவிங் லெட்டரும், 5 வருடம் தாண்டியதால் உங்களுக்குச் சேர வேண்டிய கிராஜுவிட்டியும் இன்னும் கைக்கு வரவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.