தீபாவளி வந்தால் பவுன் ஏறியே தீருமா? – தங்கம் கேள்வி-பதில்

மகளுக்குத் தை மாதம் கல்யாணம். பத்துப் பவுன் எடுக்க வேண்டும். தீபாவளிக்கு முன்னால் எப்போதும் விலை ஏறிவிடும், ஆவணியிலேயே எடுத்துவிடு என்கிறார் என் நாத்தனார். கடைக்காரரும் அதையேதான் சொல்கிறார். எடுத்துவிடலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

உங்கள் நாத்தனார் சொல்வது சில வருடங்களில் நடந்திருக்கிறது. 2023, 2024, 2025 மூன்று வருடமும் தீபாவளியை ஒட்டி விலை நன்றாக ஏறியது. அதைப் பார்த்தவர்களுக்கு நம்பிக்கை வரத்தான் செய்யும். ஆனால் ‘எப்போதும்’ என்று சொல்ல முடியாது.

2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா பயத்தில் ஆகஸ்ட் மாதம் ஒரு அவுன்ஸ் 2,000 டாலரைத் தாண்டியிருந்தது. தீபாவளி நவம்பர் 14, சனிக்கிழமை. அதே வாரத்துத் திங்கட்கிழமை, தடுப்பூசி நன்றாக வேலை செய்கிறது என்ற செய்தி அமெரிக்காவிலிருந்து வந்தது. ஒரே நாளில் நூறு டாலருக்குப் பக்கமாக விலை சரிந்தது. இங்கே ஒப்பணக்கார வீதியில் பண்டிகைக் கூட்டம் சேரும் வாரத்தில்தான் இது நடந்தது.

2022-லும் அப்படித்தான். மார்ச் மாதம் 2,050 டாலர் வரை போன அவுன்ஸ், அக்டோபர் 24 தீபாவளிக்கு 1,650 டாலர் பக்கம் கிடந்தது. அந்த வருடத்தின் அடிமட்டத்துக்கு அருகில். ஆனால் நம் ஊர் போர்டில் அந்த அளவு இறக்கம் தெரியவில்லை. நடுவில் டாலர் 76, 77 ரூபாயிலிருந்து 82 ரூபாய்க்கு மேல் போய்விட்டது, ஜூலையில் இறக்குமதி வரியையும் கூட்டிவிட்டார்கள். இறங்கிய விலையில் பாதிக்கும் மேல் அங்கேயே கரைந்துவிட்டது.

காலையில் கடை போர்டில் எழுதும் விலை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் தீரும். முதலில் டாலரில் உலகச் சந்தை விலை. அதை அன்றைய டாலர் மதிப்பால் பெருக்கி ரூபாயாக்குகிறார்கள். அதன் மேல் இறக்குமதி வரி. கடைசியாக உள்ளூர் வியாபாரிகள் தேவையைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டுவதோ குறைப்பதோ உண்டு. பண்டிகைக் கூட்டத்தால் அசையக்கூடியது இந்தக் கடைசி ஓரம் மட்டும்தான், அதுவும் சின்ன அளவில்.

நம் ஊரில் மஞ்சளைப் பார்த்துப் பழகியதால்தான் நமக்கு இது பிடிபடுவதில்லை என்று நினைக்கிறேன். ஈரோட்டில் வாங்குகிறவர்கள் வேகம் காட்டினால் மஞ்சள் விலை நகரும், ஏனென்றால் அந்தச் சரக்குக்கு ஈரோடே பெரிய சந்தை. தங்கத்துக்கு அப்படி இல்லை. 2024-ல் இந்தியா முழுக்க வாங்கிய தங்கம் சுமார் 800 டன். அன்றைய விலையில் ஏறக்குறைய 6,000 கோடி டாலர். அதே வருடம் உலகச் சந்தைகளில் சராசரியாக ஒரு நாளைக்குக் கைமாறிய தங்கத்தின் மதிப்பு 20,000 கோடி டாலருக்கு மேல். வருடம் முழுக்க நாம் எல்லோரும் சேர்ந்து வாங்குவது, ஒரு நாள் வியாபாரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. தவிர, தீபாவளி எந்தத் தேதி என்பது லண்டனில் வாங்கி விற்பவருக்கும் தெரியும். எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த ஒன்றுக்காக விலை கடைசி வாரம் வரை காத்திருக்காது.

சரி, ஏறிய மூன்று வருடம்? 2023 அக்டோபரில் இஸ்ரேல்–ஹமாஸ் போர் தொடங்கியது. 2024-லும் 2025-லும் பல நாடுகளின் மத்திய வங்கிகள் தங்கத்தை வாங்கிக் குவித்தன, அமெரிக்காவில் வட்டி இறங்கியது. நம் பண்டிகை அந்த ஏற்றத்தின் நடுவில் வந்தது, அவ்வளவுதான்.

உங்கள் பத்துப் பவுனுக்கு வருகிறேன். தேதி குறித்துவிட்ட கல்யாணம் என்பதால் வாங்காமல் இருக்க முடியாது. ஆவணியில் நான்கு, ஐப்பசியில் மூன்று, மார்கழியில் மூன்று என்று பிரித்து எடுங்கள். சராசரி விலை கையில் நிற்கும். ஏதோ ஒரு நாளைக் கணித்து மொத்தத்தையும் அன்றே எடுக்கிற பதற்றம் வேண்டாம். பெரிய ஆரத்தைப் பிரிக்க முடியாது என்றால் அதை முதல் தவணையில் எடுத்துவிட்டு வளையல், கம்மலைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் கையில் பணம் புரளும், அது தங்கமாக மாறும், அதனால் பவுன் ஏறும் என்று எங்கள் அப்புச்சி சொல்வார். சரிதானுங்களா?
– வாசகர், காங்கேயம்

அப்புச்சி சொல்லுக்கு மறுப்புச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் தேதிகள் அவர் பக்கம் இல்லை.

தமிழ்நாட்டில் 2019 நாடாளுமன்ற வாக்குப்பதிவு ஏப்ரல் 18. பிப்ரவரியில் 1,340 டாலரைத் தாண்டியிருந்த அவுன்ஸ், வாக்குப்பதிவு நாளில் 1,275 டாலர் அளவுக்கு இறங்கியிருந்தது. ஓட்டு எண்ணி முடித்து, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, ஆகஸ்ட் மாதம் 1,500 டாலரைத் தாண்டியது. அமெரிக்கா–சீனா வர்த்தகச் சண்டையும் அமெரிக்க வட்டிக் குறைப்பும் காரணம். 2021 சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 6. ஜனவரித் தொடக்கத்தில் 1,950 டாலர் வரை இருந்தது, மார்ச் கடைசியில் 1,700 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. அந்தத் தேர்தலுக்கு முன்னால் பவுன் எடுத்தவர்கள் நல்ல விலைக்கு எடுத்தார்கள்.

2024-ல் மட்டும் அப்புச்சி சொன்னபடி நடந்தது. மார்ச், ஏப்ரலில் விலை பாய்ந்தது. ஆனால் அது சீனாவிலும் துருக்கியிலும் ஒரே சமயத்தில் பாய்ந்தது. அங்கே நம் வேட்பாளர்கள் யாரும் நிற்கவில்லை. அப்புறம் ஜூன் 7 அன்று ஒரே நாளில் மூன்று சதவீதத்துக்கு மேல் இறங்கியது. ஜூன் 4-ம் தேதி வந்த நம் தேர்தல் முடிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சீன மத்திய வங்கி மே மாதம் தங்கம் வாங்கவில்லை என்ற கணக்கு அன்று வெளிவந்தது, அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கும் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது.

தேர்தல் நம் நகைக்கடைகளை வேறு விதத்தில் பாதிக்கும். நடத்தை விதி அமலுக்கு வந்ததும் பறக்கும் படை சாலையில் நிற்கும். ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பிடித்து வைத்துக்கொள்வார்கள், கணக்குக் காட்டித்தான் திரும்ப வாங்க வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து ரொக்கத்தோடு கோவைக்கு வந்து நகை எடுக்கிறவர் அந்த ஒன்றரை மாதம் தயங்குவார். பட்டறையிலிருந்து கடைக்குப் போகும் நகைக்கும் சீட்டு சரியாக இல்லையென்றால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். ஆக, தேர்தல் காலத்தில் உள்ளூர் வியாபாரம் மந்தமாகத்தான் வாய்ப்பு அதிகம். அந்தச் சமயத்தில் நகை எடுக்கப் போனால் பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள், பில்லைக் கையோடு வைத்திருங்கள்.

2024 ஆடி மாதம் பவுனுக்கு ஒரே நாளில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் குறைந்ததே? ஆடியில் யாரும் வாங்க மாட்டார்கள், அதனால்தான் என்று எங்கள் ஊரில் பேச்சு.
– மஞ்சள் விவசாயி, பெருந்துறை

நல்ல உதாரணம் எடுத்தீர்கள். அது ஜூலை 23, ஆடி பிறந்து ஒரு வாரம். அன்று மத்திய பட்ஜெட்டில் தங்க இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அப்போது ஒரு அவுன்ஸ் சுமார் 2,400 டாலர், ஒரு டாலர் சுமார் 83.50 ரூபாய். ஒரு அவுன்ஸ் என்பது 31.1 கிராம். 2,400-ஐ 31.1-ஆல் வகுத்து 83.50-ஆல் பெருக்கினால், சுத்தத் தங்கம் கிராமுக்கு ஏறக்குறைய 6,443 ரூபாய் வரும். அதில் 15 சதவீத வரி சேர்த்தால் 7,409 ரூபாய். 22 கேரட் என்பது அதில் 91.6 சதவீதம், எட்டு கிராம் ஒரு பவுன். ஆகப் பவுன் சுமார் 54,300 ரூபாய். அதே கணக்கில் வரியை மட்டும் 6 சதவீதமாக்கினால் சுமார் 50,050 ரூபாய். நாலாயிரத்துச் சொச்சம் வித்தியாசம். முதல் நாளில் பாதிக்குப் பக்கமும் மீதியில் ஒரு பகுதி அடுத்த சில நாட்களிலும் போர்டில் இறங்கியது.

இதில் ஆடிக்கு இடமே இல்லை, பாருங்கள். வரி அறிவிப்பு ஆவணியில் வந்திருந்தால் முகூர்த்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே இதே அளவு இறங்கியிருக்கும். இனிமேல் விலை திடீரென்று நகர்ந்தால் பஞ்சாங்கத்தை விட்டுவிட்டு இந்த மூன்றைப் பாருங்கள்: அவுன்ஸ் எத்தனை டாலர், டாலர் எத்தனை ரூபாய், வரி எத்தனை சதவீதம். கைபேசியில் கணக்குப் போட இரண்டு நிமிடம் ஆகும்.

அட்சய திருதியைக்கு?
– வாசகி, தாராபுரம்

அதே பதில்தான். 2013-ல் திருதியை மே 13. அதற்கு ஒரு மாதம் முன்பு ஏப்ரல் நடுவில், இரண்டே வர்த்தக நாட்களில் தங்கம் 13 சதவீத அளவுக்கு விழுந்தது. 2025-ல் ஏப்ரல் 22 அன்று 3,500 டாலரைத் தொட்டுவிட்டு, 30-ம் தேதி திருதியைக்குள் 3,300 டாலர் பக்கம் வந்துவிட்டது. நம்பிக்கைக்காக அன்று ஒரு கிராம் காசு எடுப்பது உங்கள் விருப்பம்.

பண்டிகைக்கு விலை ஏறாது என்றால், தீபாவளி சமயத்தில் வாங்கிய என் செயினுக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆனது? அதே வாரம் தங்கை வேறு கடையில் எடுத்தாள், குறைவாகத்தான் கொடுத்தாள்.
– வாசகி, திருப்பூர்

நீங்கள் அனுப்பிய பில் நகலைப் பார்த்தேன். இரண்டு கடையிலும் கிராம் விலை ஒன்றுதான். உங்கள் பில்லில் சேதாரம் 14 சதவீதம், தங்கை பில்லில் 8.

கணக்குக்காகக் கிராம் 9,000 ரூபாய் என்று வையுங்கள். மூன்று பவுன் செயின் 24 கிராம், தங்கத்துக்கு 2,16,000 ரூபாய். 8 சதவீதச் சேதாரம் 17,280 ரூபாய், 14 சதவீதம் 30,240 ரூபாய். இடைவெளி 12,960. போர்டு விலை பவுனுக்கு 4,320 ரூபாய் ஏறினால் தங்கத்துக்கு மட்டும் எவ்வளவு கூடுதலாகக் கொடுப்பீர்களோ, அதே தொகை. விலை ஏறப் போகிறது என்று பதறி நுழைகிறவர் சேதாரத்தைப் பேரம் பேச மறந்துவிடுகிறார். நெருக்கடியான நாட்களில் கவுன்டரில் அதைப் பேச நேரமும் கிடைப்பதில்லை. இதற்கு மேல் மொத்தத்துக்கும் 3 சதவீத ஜி.எஸ்.டி. வேறு.

டிசைனுக்குத் தகுந்தபடி சேதாரம் மாறும் என்பது உண்மை. கையால் செய்த நகாசு வேலைக்கு 14 என்றால் அதிகம் என்று சொல்ல மாட்டேன். உங்களுடையது மெஷினில் செய்த சாதாரணச் செயின். பழையதைக் கொடுத்து மாற்றும்போது இந்தச் சேதாரம் திரும்பி வராது. அடுத்த முறை ‘கிராமுக்கு நூறு ரூபாய் தள்ளுபடி’ என்ற பலகையைப் பார்த்தால், உள்ளே போய் முதலில் சேதாரம் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். அந்தச் சதவீதத்தை எஸ்டிமேட் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, அதே எடையில் இன்னொரு கடையிலும் கேட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள்.