பவுடர் பால் குடிக்கும் குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு

"4 மாதக் குழந்தை, பவுடர் பால்தான். கொதித்த தண்ணீரைப் பிளாஸ்கில் வைத்து, வெதுவெதுப்பானதும் கலக்கிறேன். பாட்டிலைச் சுடுதண்ணீரில் அலசுகிறேன். இது மூன்றாவது வயிற்றுப்போக்கு. எங்கே தவறு?"

இரண்டு இடங்களில் சந்தேகம் வருகிறது. முதலில் அந்த வெதுவெதுப்பான தண்ணீர். டப்பாவில் இருக்கும் பவுடர் கிருமி நீக்கப்பட்டதல்ல, அதனால் அதில் ஊற்றும் தண்ணீர் 70 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். கொதித்து இறக்கி அரை மணி நேரத்துக்குள் கலந்தால் அந்தச் சூடு இருக்கும். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள், பிறகு டப்பாவில் சொன்ன கணக்குப்படி பவுடரைத் தலைதட்டிப் போடுங்கள். மூடிய பாட்டிலைக் குளிர்ந்த தண்ணீரில் பிடித்து ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கலந்த பால் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் கொட்டிவிடுங்கள். குடித்து மீந்ததையும் அப்படியே. மனசு கேட்காதுதான், ஆனால் எச்சில் பட்ட பாலில் கிருமி வேகமாகப் பெருகும்.

அடுத்தது பாட்டில். சுடுதண்ணீரில் அலசினால் மட்டும் பால் கொழுப்பு போகாது. நிப்பிளையும் வளையத்தையும் தனித்தனியாகக் கழற்றி, சோப்பும் பிரஷும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். நிப்பிளின் உட்புறம் வழவழவென்றிருந்தால் இன்னும் சுத்தமாகவில்லை என்று அர்த்தம். அப்புறம் உள்ளே காற்றுக்குமிழி நிற்காமல் முழுதும் மூழ்கவைத்து, 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். துணியால் துடைக்க வேண்டாம்.

இந்தமுறை டாக்டரிடம் காட்டாமல் இருக்காதீர்கள். பால் ஒவ்வாமையாலும் இப்படி வரலாம். மலத்தில் ரத்தம், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, குழிவிழுந்த கண், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.