அடர்த்தியான முடி பக்கங்களில் உப்பாமல் இருக்க எப்படி வெட்டுவது?

"என் முடி நல்ல தடிப்பு, கரடுமுரடு. வெட்டி ரெண்டு கிழமையில காதுக்கு மேல உப்பி நிக்குது. என்ன செய்யலாம்?"

பக்கத்தில் முடியை இரண்டு, மூன்று சென்டிமீற்றரில் விடுவதுதான் பெரும்பாலும் காரணம். அந்த நீளத்தில் தடித்த முடி தன் பாரத்தில் படியாது, நேரே வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் காதைச் சுற்றி மெஷினில் 3 மில்லிமீற்றர், அதற்கு மேலே 6 என்று ஏற்றச் சொல்லுங்கள். தலை வளையத் தொடங்கும் இடத்தில் மட்டும் நிறுத்த வேண்டும். அதற்கு மேலுள்ள முடி நீளமாகவே இருந்து கீழே விழட்டும்.

அடர்த்தியைக் குறைக்கப் பல் வைத்த கத்தரிக்கோலை வேரோடு ஒட்டி வைக்க விடாதீர்கள். கல்முனையில் என் மருமகனுக்கு ஒருமுறை அப்படித்தான் வெட்டினார்கள். அன்றைக்கு அழகாகப் படிந்திருந்தது. பத்து நாளில் அடியில் முளைத்த கட்டை முடிகள் மேல்முடியைத் தள்ளி, முன்பைவிட உப்பிவிட்டது. நுனிப் பாதியில் மட்டும் இரண்டு, மூன்று வெட்டு போதும்.

அப்புறம், ஈரத்தில் எந்த முடியும் படியும். காய வைத்து, பக்கத்தைப் பார்த்துவிட்டே கதிரையை விட்டு எழும்புங்கள். மட்டக்களப்பின் கடற்காற்று ஈரத்துக்கு முடி இன்னும் கொஞ்சம் உப்பும்.