சாதாரண கூட்டத்துக்கு ஒரு பக்கம், பிரச்சினையான கூட்டத்துக்கு எவ்வளவு?

கேள்வி: திருகோணமலையில் எங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு இந்த வருஷம் செயலாளராகத் தெரிவாகியிருக்கிறேன். வழமையான மாதக் கூட்டத்துக்குக் கூட்டறிக்கை எவ்வளவு எழுத வேண்டும்? சண்டை வருகிற கூட்டம் என்றால் ஆளாளுக்குக் கதைத்ததையெல்லாம் எழுத வேண்டுமா?

பதில்:

நானும் உப்புவெளிப் பக்கம் இப்படியொரு சங்கத்தில் பல வருஷம் செயலாளராக இருந்தவன். கதைத்ததையெல்லாம் எழுதத் தேவையில்லை. அது பாராளுமன்றப் பேச்சுகளை அப்படியே பதிகிற ஹன்சாட்டின் வேலை. கூட்டறிக்கையில் வர வேண்டியது, கூட்டம் என்ன செய்தது என்பதுதான். எவ்வளவு நேரம் கதைத்தார்கள் என்பதை வைத்து நீளத்தை முடிவு செய்யாதீர்கள். அன்று வராத ஒருவர் ஆறு மாதம் கழித்து வந்து "இது எப்படி முடிவானது?" என்று கேட்டால், அறிக்கையே அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு எழுதினால் போதும்.

வழமையான மாதக் கூட்டத்துக்கு ஒரு பக்கம் தாராளம். திகதி, இடம், தொடங்கிய நேரம், யார் தலைமை, எத்தனை பேர் வரவு, சென்ற கூட்டறிக்கையை யார் பிரேரித்து யார் ஆமோதித்தார்கள், பொருளாளரின் கணக்கு மீதி. பிறகு ஒவ்வொரு விடயத்துக்கும் இரண்டு மூன்று சிறு வசனம். உதாரணத்துக்கு, இறங்குதுறை விளக்கு எரியவில்லை என்று வையுங்கள். எந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது என்று அரை மணித்தியாலம் கதைத்திருப்பார்கள். நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

"இறங்குதுறை மின்விளக்கைத் திருத்த ரூபா 8,500 வரை செலவிடலாம் எனத் தீர்மானிக்கப்பட்டது. பொறுப்பு: பொருளாளர். அடுத்த கூட்டத்துக்கு முன்."

எவ்வளவு, யார், எப்போதைக்குள் என்ற மூன்றும் இருந்தால் அடுத்த கூட்டத்தில் யாரும் யாரையும் சாட்ட முடியாது.

இனிப் பிரச்சினையான கூட்டம். எங்கள் சங்கத்தில் நடந்த ஒன்றையே, ஆள் தெரியாதபடி சில விபரங்களை மாற்றிச் சொல்கிறேன். சங்கத்துக்கு ஒரு பழைய வலைக்கொட்டில் இருந்தது. சுற்றுலாப் படகு ஓட்டுகிற ஒருவர் அதை இரண்டு வருஷக் குத்தகைக்குக் கேட்டார். சங்கத்துக்கு வருமானம் வரும் என்றார்கள் ஒரு பக்கம். மாரியில் வலையையும் என்ஜினையும் எங்கே வைப்பது என்றார்கள் மறுபக்கம். கேட்டவர் நிருவாக சபை உறுப்பினர் ஒருவரின் மைத்துனர். சத்தம் கேட்டு றோட்டில் போனவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

இப்படிப்பட்ட கூட்டத்துக்கு நம்மவர்கள் வழக்கமாக எழுதுவது, "நீண்ட வாதப் பிரதிவாதங்களின் பின் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்பது. இதைவிடக் கெடுதலான வசனம் கிடையாது. ஏகமனது என்றால் ஒருவர்கூட எதிர்க்கவில்லை என்று அர்த்தம். பின்வரிசையில் இருந்த வயதான உறுப்பினர் ஒருவர் எழும்பி, "தம்பி, நான் ஓமெண்டு சொல்லேல்லை, அதை எழுது" என்று சொன்னவர். அவர் கேட்டால் எழுதியே ஆக வேண்டும். அன்று பதிவானது இது:

"பிரேரணை: சங்கத்தின் வலைக்கொட்டிலை 2 வருடங்களுக்கு, மாதம் ரூபா 20,000 வாடகைக்குக் குத்தகைக்கு விடுதல். பிரேரித்தவர், ஆமோதித்தவர் (பெயர்கள்). விண்ணப்பதாரர் தனது உறவினர் என நிருவாக சபை உறுப்பினர் ஒருவர் (பெயர்) அறிவித்து, மண்டபத்தை விட்டு வெளியேறினார். ஆதரவாக, சங்க வருமானமும் கட்டடப் பராமரிப்பும் குறிப்பிடப்பட்டன. எதிராக, மாரிகாலத்தில் வலைகளுக்கும் என்ஜின்களுக்கும் இடமில்லாமை குறிப்பிடப்பட்டது. திருத்தம்: நவம்பர் முதல் பெப்ரவரி வரை கொட்டிலின் அரைவாசி உறுப்பினர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். திருத்தம் ஏற்கப்பட்டது. திருத்திய பிரேரணைக்கு ஆதரவு 25, எதிர்ப்பு 17, நடுநிலை 4. நிறைவேறியது. தனது எதிர்ப்பைப் பதியுமாறு ஒருவர் (பெயர்) கோரினார், பதியப்பட்டது."

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நடந்த விவாதம் இதற்குள் அடங்கிவிட்டது. வெறும் 'குத்தகைக்கு விடத் தீர்மானம்' என்று விட்டிருந்தால், மாரி தொடங்கும்போது அரைவாசி இடம் எங்களுக்கு என்ற நிபந்தனை காணாமல் போயிருக்கும். மைத்துனர் விடயத்தை எழுதாமல் விட்டிருந்தால், பிறகு யாராவது முறைப்பாடு கொண்டுபோகும்போது அந்த உறுப்பினர் வெளியே போயிருந்ததற்கு ஆதாரம் இல்லை. அது அவருக்கும் பாதுகாப்பு. வாக்குக் கணக்கையும் கூட்டிப் பாருங்கள், 46. வரவு 47, ஒருவர் வெளியே. இது பொருந்தாவிட்டால் அறிக்கை முழுவதையும் சந்தேகிப்பார்கள். அதனால் எண்ணிக்கையைக் கூட்டத்திலேயே சரிபார்த்துவிட வேண்டும்.

இரண்டு பக்கக் காரணங்களும் ஒவ்வொரு வசனமாக, ஆள் பெயர் இல்லாமல் இருப்பதைக் கவனியுங்கள். யார் சொன்னது என்று எழுதத் தொடங்கினால், அடுத்த கூட்டத்தில் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்பதே விவாதமாகிவிடும். 'காரசாரமாக', 'ஆவேசமாக' போன்ற சொற்களும் வேண்டாம்.

அன்று ஒருவர் இன்னொருவரைப் பார்த்துக் கமிஷன் வாங்கினாய் என்றும் கத்தினார். அதை எழுதவில்லை. கோபத்தில் வாயால் வந்த குற்றச்சாட்டை அறிக்கையில் ஏற்றினால், சங்கமே அதை எழுத்தில் சொன்னதுபோல் ஆகிவிடும். அவர் கடிதமாகக் கொடுத்திருந்தால், கடிதம் கிடைத்தது, இன்ன குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது என்று மட்டும் எழுதியிருப்பேன்.

இன்னொன்று, கூட்டம் முழுக்கப் பிரச்சினையாக இருப்பது அரிது. அன்றும் மற்ற விடயங்கள் சும்மா ஓடின. அவற்றுக்கு வழமைபோல இரண்டொரு வசனம்தான் எழுதினேன். பென்சிலை எப்போது மெதுவாக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியவரும். வாக்கெடுப்புக் கேட்கிறார்கள், யாராவது "இதை எழுதுங்கோ" என்கிறார்கள், உறவோ சொந்த நலனோ குறுக்கே வருகிறது, ஒருவருக்கு இருந்த உரிமை போகப்போகிறது. இதில் எது வந்தாலும் கையை உயர்த்தித் தலைவரிடம், "வாக்கெடுக்க முதல் பிரேரணையை ஒருக்கா வாசிக்கிறேன்" என்று சொல்லுங்கள். சபை கேட்டுத் திருத்திய வசனத்தைத்தான் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். வீட்டுக்கு வந்து ஞாபகத்தில் இருந்து எழுதுகிற பிரேரணை ஆபத்தானது.

இப்படியான அறிக்கையின் வரைவைச் சில நாட்களுக்குள் தலைவரிடமும் நிருவாக சபையிடமும் காட்டிவிடுங்கள். ஒரு மாதம் கிடந்தால் ஆளுக்கொரு ஞாபகம் வந்துவிடும். அடுத்த கூட்டத்தில் அறிக்கையை வாசிக்கும்போது, தோற்ற பக்கம் விவாதத்தை மறுபடி தொடங்கப் பார்க்கும். அந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நடந்தது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா? எண்ணிக்கையோ நிபந்தனையோ பிழை என்றால் திருத்துங்கள். முடிவு பிடிக்கவில்லை என்றால் அதற்குப் புதுப் பிரேரணை கொண்டுவரட்டும். திருத்தும்போது பழைய எழுத்து தெரியும்படி ஒரே கோட்டால் வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, தலைவரும் நீங்களும் சுருக்கொப்பம் வையுங்கள். வெள்ளை மை பூசவோ தாளைக் கிழிக்கவோ வேண்டாம். பக்கத்துக்கு இலக்கம் போட்ட புத்தகம் என்றால் கிழித்த இடம் உடனே தெரியும்.