வாயால் சொல்லும் கணக்குக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

"கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டீச்சருங்க. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையன் பதிலைச் சொல்ல, இன்னொருவர் எழுதுகிறார். விடைத்தாளைப் பார்த்தால் கணக்கு யார் போட்டதென்றே தெரியவில்லை. தேர்வை எப்படி மாற்றுவதுங்க?"

வினாத்தாளை விட, எழுதுபவர் என்ன செய்யலாம் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

(x + 3)/2 = 7 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பையன் "எக்ஸ் கூட்டல் மூணு பை ரெண்டு" என்கிறான். இதை (x + 3)/2 என்றும் எழுதலாம், x + 3/2 என்றும் எழுதலாம். முதலாவதில் x = 11, இரண்டாவதில் 5.5. கணக்குத் தெரிந்தவர் எழுதினால் தன்னையறியாமல் சரியானதைத்தான் எழுதுவார். அதனால் முன்கூட்டியே ஒரு பேச்சுமுறை பழக்குங்கள். "அடைப்பு ஆரம்பம், எக்ஸ் கூட்டல் மூணு, அடைப்பு முடிவு, பை ரெண்டு." தேர்வுக்கு முன் சில வகுப்புத் தேர்வுகளிலாவது அதே எழுதுபவரோடு இதைச் செய்து பார்க்க வேண்டும்.

அடுத்த வரி x + 3 = 14. இங்கேதான் பெரிய சிக்கல். "அந்த மூணை அக்கட்ட கொண்டுபோங்க" என்பான் பையன். நம் ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். எழுதுபவர் உடனே x = 14 − 3 என்று எழுதிவிடுவார். குறி மாறும் என்பது பையனுக்குத் தெரியுமா? தாளில் அதற்குச் சாட்சியே இல்லை. அந்த இடத்தில் எழுதுபவர் "என்ன எழுதட்டும்?" என்று மட்டும் கேட்க வேண்டும். அவன் "பதினாலு கூட்டல் மூணு" என்றால் அப்படியே எழுத வேண்டும். "கூட்டலா, கழித்தலா?" என்று கேட்பதே ஒரு துப்புதான்.

கணக்கு ஆசிரியரை எழுத வைக்காதீர்கள். தமிழ் அல்லது சமூக அறிவியல் ஆசிரியர் பொருத்தம். தாள் எப்போதும் பையன் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். தானே எழுதும் பிள்ளை தன் முந்தைய வரியைப் பார்த்துத்தான் அடுத்ததைப் போடுகிறது, இவனுக்கு மட்டும் எல்லாம் மனதில் நிற்க வேண்டும் என்றால் அது ஞாபகசக்திக்கான தேர்வாகிவிடும். ரஃப் கணக்கையும் அவன் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுங்கள்.

வடிவியலில் முக்கோணம் வரையச் சொன்னால், "AB ஆறு சென்டிமீட்டர், A-யில் அறுபது பாகை" என்று அவன் சொல்லும் படிகளுக்கே மதிப்பெண். கோட்டின் சுத்தத்துக்கு வேண்டாம். "முக்கோணம் வரைங்க" என்று மட்டும் சொன்னால் எழுதுபவர் எதையும் வரையக் கூடாது.

நேரத்தைப் பொறுத்தவரை, மத்திய அரசின் வழிகாட்டுதல்படி ஒரு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல். ஒன்றரை மணித் தேர்வுக்கு அரை மணி. இப்படி வரி வரியாகச் சொல்லி எழுதினால் அந்த அரை மணியும் தேவைப்படும்.

இன்னும் சந்தேகம் இருந்தால், பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு தேர்வைப் போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். அப்புறம் பையன் சொன்னதையும் தாளில் இருப்பதையும் ஏதாவது இரண்டு கணக்குகளுக்கு ஒப்பிட்டுப் பாருங்கள்.