முழு முட்டையா, வெள்ளைக்கருவா: கணக்கு எங்கே பிசகுகிறது?

அண்ணா, தினமும் 2 முழு முட்டை, 6 வெள்ளைக்கரு சாப்பிடுகிறேன். ஆப் 34 கிராம் புரதம் என்று காட்டுகிறது. நம்பலாமா?

உங்கள் முட்டை என்ன எடை என்று தெரியாமல் சொல்ல முடியாது, தம்பி. ஆப் பெரும்பாலும் ஓடு நீக்கி 50 கிராம் வரும் முட்டையை வைத்துத்தான் கணக்குப் போடும். அதில் முழு முட்டைக்கு 6.3 கிராம் புரதம், வெள்ளைக்கருவுக்கு மட்டும் 3.6. பத்து முட்டையை ஓட்டோடு தராசில் வைத்து எடையைச் சொல்லுங்கள்.

வைத்துப் பார்த்தேன். பத்தும் சேர்ந்து 480 கிராம்.

அப்படியானால் ஒன்று 48 கிராம். ஓடு பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடப் போகும். உள்ளே சுமார் 43 கிராம் மிஞ்சும். 100 கிராம் முட்டைக்கு 12.6 கிராம் புரதம் என்றால் உங்கள் முழு முட்டையில் 5.4தான். வெள்ளைக்கரு 28 கிராம் அளவுக்கு இருக்கும். அதில் புரதம் 3 கிராம். ஆக 2 முழு முட்டைக்கு 10.8, 6 வெள்ளைக்கருவுக்கு 18, மொத்தம் 29 கிராம் பக்கம். ஒரு முட்டை அளவுக்குப் புரதம் ஆப்பில் மட்டும்தான் இருக்கிறது. கொழுப்பும் அதே மாதிரி, 10 என்று காட்டுவது உண்மையில் 8 சொச்சம்.

வெள்ளைக்கருவுக்கு நான் சொன்ன 28 ஒரு மதிப்பீடுதான். ஒரே எடையுள்ள இரண்டு முட்டையிலும் கருவின் அளவு மாறும். கோழியின் வயதும் அதை மாற்றும். சந்தேகமாக இருந்தால் ஆறு வெள்ளைக்கருவையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றி எடை போடுங்கள். 100 கிராமுக்கு 11 கிராம் என்று கணக்கு வைத்தால் போதும், எண்ணிக்கையே வேண்டாம்.

புரதம் எல்லாம் வெள்ளையில், கொழுப்பு எல்லாம் மஞ்சளில். இதுதானே விஷயம்? எதற்கு இவ்வளவு தராசு?

கொழுப்பைப் பற்றிச் சொன்னது சரி. வெள்ளைக்கருவில் கொழுப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். புரதத்தில்தான் பாதி சரி. அந்த 50 கிராம் முட்டையில் மஞ்சள் கரு வெறும் 17 கிராம், ஆனால் அதில் 2.7 கிராம் புரதம் இருக்கிறது. கிராமுக்குக் கிராம் பார்த்தால் வெள்ளையைவிட மஞ்சளில்தான் புரதம் அதிகம். வெள்ளைக்கரு அளவில் பெரியது என்பதால் முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான். மஞ்சளை எறிந்தால் 4.5 கிராம் கொழுப்போடு முட்டையின் புரதத்தில் பத்தில் நான்கு பங்கும் போகிறது.

ஆனால் கலோரி? மஞ்சளில் 55, வெள்ளையில் 17. டயட்டில் இருப்பவருக்கு வெள்ளைதானே லாபம்?

ஆமாம், கலோரி இறுக்கமாக இருந்தால் வெள்ளையே லாபம், மறுக்கவில்லை. அப்புறம் அதை எதில் வேக வைக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் ஏறக்குறைய 4.5 கிராம் கொழுப்பு. மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளையை ஒரு டீஸ்பூன் எண்ணெயில் பொரித்தால், எடுத்த கொழுப்பு அப்படியே திரும்ப வந்துவிட்டது. மஞ்சளின் புரதம் மட்டும் வரவில்லை. ஒட்டாத தவாவிலோ அவித்தோ சாப்பிட்டால்தான் அந்த லாபம் கையில் நிற்கும்.

நான் எப்போதும் "லார்ஜ்" என்று எழுதிய பெட்டிதான் வாங்குகிறேன். எனக்கு இந்தக் குழப்பம் இல்லையே?

எந்த நாட்டு லார்ஜ் என்று பார்க்க வேண்டும், அக்கா. அமெரிக்காவில் லார்ஜ் என்றால் ஓட்டோடு சராசரியாக 57 கிராம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 63 முதல் 73 கிராம் வரை. 57 கிராம் முட்டைக்கான எண்ணை 70 கிராம் முட்டைக்குப் போட்டால் ஒவ்வொன்றிலும் ஒன்றரை கிராம் புரதம் கணக்கில் வராமல் போகும். கொழுப்பும் ஒரு கிராமுக்கு மேல் விட்டுப்போகும். பெட்டியின் எழுத்தைவிட எடை நம்பகமானது.

வெள்ளைக்கருவைப் பச்சையாகக் குடித்தால் புரதம் முழுசாகக் கிடைக்குமாமே, சார்? ஜிம்மில் சொன்னார்கள்.

நேர்மாறு. சமைத்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் அளவு உடலில் சேர்கிறது. பச்சையில் பாதிதான் என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். கிருமி ஆபத்து வேறு. அவித்தே சாப்பிடுங்கள்.

அப்பாவுக்கு கொலஸ்ட்ரால் இருக்கிறது. மஞ்சளை நிறுத்தச் சொல்லலாமா?

என்னிடம் கேட்கப்பட்டது புரதக் கணக்கு, இது வேறு. கொலஸ்ட்ரால் முழுக்க மஞ்சளில்தான். ஒரு 50 கிராம் முட்டையில் 186 மில்லிகிராம் அளவு. சாப்பிடும் கொலஸ்ட்ரால் ரத்தத்தில் எவ்வளவு ஏற்றும் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது, நிபுணர்களிடையே பேச்சு இன்னும் முடியவில்லை. அப்பாவின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவரிடம் கேளுங்கள்.